இரண்டு நகரங்கள், இரண்டு சம்பளங்கள்: எது உண்மையில் அதிகம்?

நாக்பூரில் பணிபுரியும் ஒரு பொறியாளருக்கு ஒரே வாரத்தில் இரண்டு நியமனக் கடிதங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மும்பை நிறுவனம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் தருவதாகவும், ஐதராபாத் நிறுவனம் 13.5 இலட்சம் தருவதாகவும் எழுதியிருக்கின்றன. உறவினர் அனைவரும் மும்பைக்கே போகச் சொல்கிறார்கள். நான்கரை இலட்சம் வித்தியாசம் என்றால் மாதத்திற்கு முப்பத்தேழாயிரம் ரூபாய்க்கு மேல் அல்லவா என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே நழுவுகிறது என்று பார்ப்போம். கீழே வரும் வாடகையும் செலவும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. அவற்றின் இடத்தில் தாங்கள் விசாரித்தறிந்த தொகைகளை இட்டுக்கொள்ளலாம்.

கடிதத்தில் காணப்படும் பெருந்தொகை சி.டி.சி. எனப்படுவது. அது நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவேயன்றி நம் சம்பளம் அன்று. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, செயல்திறனைப் பொறுத்து ஆண்டிறுதியில் கிடைக்கக்கூடிய ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். நம் பொறியாளரின் மும்பைக் கடிதத்தில் ஊக்கத்தொகை மட்டும் 1.8 இலட்சம். அதையும், அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய்க்குரிய வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றையும் நீக்கினால் நிலையான சம்பளம் ஏறத்தாழ 15 இலட்சமாகிறது. ஐதராபாத் கடிதத்தில் ஊக்கத்தொகையே இல்லை. அடிப்படைச் சம்பளம் 50,000. அங்கே மிஞ்சுவது ஏறத்தாழ 12.5 இலட்சம்.

அடுத்து வருமான வரி. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக 12 இலட்சம் வரையிலான சம்பள வருமானத்திற்கு வரி இல்லை. ஆகவே ஐதராபாத் சம்பளத்திற்கு வரியே கிடையாது. மும்பைச் சம்பளமோ அந்த எல்லையைத் தாண்டுவதால் 97,500 ரூபாய் வரி கட்ட வேண்டும். தொழிலாளர் பங்கான வைப்பு நிதியையும் தொழில்வரியையும் கழித்தபின், மாதந்தோறும் கைக்கு வருவது மும்பையில் சுமார் 1,09,500 ரூபாய், ஐதராபாத்தில் சுமார் 98,000 ரூபாய். முப்பத்தேழாயிரமாகத் தோன்றிய வித்தியாசம் இப்போது பதினோராயிரத்து ஐந்நூறு. வைப்பு நிதியில் இருவர் பங்கும் சேர்ந்து மும்பையில் மாதம் 2,400 ரூபாய் கூடுதலாகச் சேரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது வாடகை கொடுக்க உதவாது.

இனி வாடகைக்கு வருவோம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 'மும்பை வாடகை', 'ஐதராபாத் வாடகை' என்று நகரத்தின் சராசரியைத் தேடுவதில் பயனில்லை. வாடகையும் பயணமும் ஒரே செலவின் இரண்டு பாதிகள். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். எனவே அலுவலகம் இருக்கும் இடத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

மும்பை அலுவலகம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ளது. அருகில் குர்லாவில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 40,000, பயணம் 2,000. மத்திய ரயில்பாதையில் தொலைவாகப் போய் டோம்பிவிலியில் குடியிருந்தால் இரண்டு படுக்கையறை வீடு 20,000 ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் சீசன் டிக்கெட், இரு முனைகளிலும் ஆட்டோ எனப் பயணம் 4,500 ஆகிவிடும். குர்லா நிலையத்தில் இறங்கியபின் ஷேர் ஆட்டோவுக்கான வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம் வழியிலேயே கழியும்.

ஐதராபாத் அலுவலகம் ஹைடெக் சிட்டியில். கொண்டாப்பூரில் இரண்டு படுக்கையறை வீடு 27,000. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மும்பையில் குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும். ஐதராபாத்தில் அதைக் குடியிருப்பவரே தனியாகக் கட்டுவது வழக்கம். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவும் அதில் வந்து சேரும். ஆகவே 30,000 என்று எழுதிக்கொள்வதே சரி. இருசக்கர வாகனத்திற்கு 2,500. போகவர நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். இன்னும் மலிவாக மியாப்பூரில் குடியேறி மெட்ரோவில் போகலாமே என்று தோன்றும். அந்தப் பாதையோ அமீர்ப்பேட்டை வரை சென்று, வண்டி மாறி, திரும்ப மேற்கே ராய்துர்க் நோக்கி வருவது. வரைபடத்தில் அருகில் தெரிவது பயணத்தில் அருகில் இராது. பணியில் சேருமுன் ஒருமுறை அலுவல் நேரத்தில் அவ்வழியே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

அன்றாடச் செலவில் இரு நகரங்களுக்கும் நாம் அஞ்சும் அளவுக்கு வேறுபாடு இல்லை. சோப்பும் எண்ணெயும் எங்கும் ஒரே விலைதான். வீட்டு வேலைக்கு வருபவரின் ஊதியம், வெளிச்சாப்பாடு, மருத்துவர் கட்டணம் போன்றவையே மாறும். மும்பைக்கு 27,000, ஐதராபாத்துக்கு 24,000 எனக் கொள்வோம். பெற்றோருக்கு அனுப்பும் பணமும் வீட்டுக்கடன் தவணையும் எந்த ஊரில் இருந்தாலும் மாறாதவை. 'இந்நகரில் செலவு இத்தனை விழுக்காடு அதிகம்' என்னும் குறியீட்டை முழுச் சம்பளத்தின்மேல் ஏற்றினால் இவையும் உயர்ந்துவிட்டதாகக் கணக்கு காட்டும், அது பிழை.

மீதியைப் பார்ப்போம். ஐதராபாத்தில் 41,500. மும்பையில் குர்லாவில் குடியிருந்தால் 40,500. அதாவது ஓர் அறையை இழந்தும் ஆயிரம் ரூபாய் குறைவு. டோம்பிவிலியில் 58,000. அப்படியானால் டோம்பிவிலியே சிறந்ததா? ஐதராபாத்தைவிட 16,500 ரூபாய் கூடுதல் என்பது உண்மை. அதற்கு ஈடாக நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் வீதம் 22 நாட்களில் 55 மணி நேரம் கூடுதலாகப் போகிறது. வகுத்தால் மணிக்கு 300 ரூபாய். ஐதராபாத் நிறுவனமே அவருடைய நேரத்திற்கு, கைக்கு வரும் பணத்தில் மணிக்கு ஏறத்தாழ 500 ரூபாய் தருகிறது. சேமிப்பு அவசரமாகத் தேவைப்படும் இளைஞர் ஒருவர் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு 300 ரூபாய்க்கும் உடன்படலாம். வீட்டில் கைக்குழந்தை இருப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் ஆண்டுச் செலவையும் தனித்தாளில் எழுத வேண்டும். முன்பணம் திரும்பி வரும் பணம், தரகு திரும்பாது. மும்பையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. ஒரு மாத வாடகையான 40,000 ரூபாயைத் தரகாகக் கொடுத்துவிட்டு, 11 மாதத்தில் வீடு மாற நேர்ந்தால், மாதம் 3,600 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்ததற்குச் சமம்.

இந்தக் கணக்கின் பெரும் பயன், நிறுவனத்திடம் என்ன கேட்பது என்பது தெரிந்துவிடுவதே. குர்லாவில் இருந்துகொண்டு ஐதராபாத்தைவிடப் பத்தாயிரம் ரூபாய் மிச்சப்படுத்த வேண்டுமானால் மாதம் 11,000 கூடுதலாகக் கைக்கு வரவேண்டும். இந்த வருமானத்தில் கூடுதல் ரூபாய்க்கு 15.6 விழுக்காடு வரியாகப் போவதால், ஆண்டுச் சம்பளம் சுமார் 1.56 இலட்சம் உயர வேண்டும். மும்பை நிறுவனம் மொத்தத் தொகையை உயர்த்தத் தயங்கலாம். ஆனால் 1.8 இலட்சம் ஊக்கத்தொகையின் பெரும்பகுதியை நிலையான சம்பளத்திற்கு மாற்றித் தரும்படி கேட்டால், நிறுவனத்தின் செலவு ஏறத்தாழ மாறாமலே நம் தேவை நிறைவேறும். அதற்கு இசையாவிட்டால், கடந்த மூன்று ஆண்டுகளில் ஊழியர்களுக்கு அத்தொகையில் எத்தனை விழுக்காடு உண்மையில் வழங்கப்பட்டது என்று கேட்கலாம்.

நம் பொறியாளரின் மனைவி பள்ளி ஆசிரியை. இப்போது மாதம் 22,000 ரூபாய் ஈட்டுகிறார். அவருக்கு இரண்டில் எந்த நகரில் முதலில் வேலை கிடைக்கிறது என்பது, மேலே நாம் கண்ட எல்லா வித்தியாசங்களையும்விடப் பெரிய தொகை. நியமனக் கடிதத்திற்குப் பதில் எழுதுமுன் அவருடைய விண்ணப்பங்கள் இரு நகரப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.