விற்கப்போகும் தொழிலின் கணக்கு

இராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர் மளிகைக் கடையும் அதன் அருகிலேயே ஒரு மாவு மில்லும் நடத்துகிறார் என வைத்துக்கொள்வோம். ஆண்டு இலாபம் கடையில் 2,00,000 ரூபாய். மில்லில் 50,000 ரூபாய். மொத்தம் 2,50,000. இந்நிலையில் மில்லை விற்க முடிவு செய்கிறார். கடையில் பங்காளியாகச் சேர விரும்பும் ஒருவர் 2,50,000 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பணம் போட்டால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு மில் இருக்காது. அதன் இலாபமும் வராது. தொடர்ந்து வரக்கூடியது 2,00,000 மட்டுமே. நின்றுபோவதைத் தனியே காட்டவேண்டும் என்ற விதிக்கு இதுவே காரணம்.

நம் நாட்டில் பெரிய நிறுவனங்களுக்கு இந்தியக் கணக்கியல் தரநிலை 105 இதை வகுக்கிறது. விற்க எண்ணம் இருந்தால் மட்டும் போதாது. சொத்து இருக்கும் நிலையிலேயே விற்கத் தயாராக இருக்கவேண்டும். நிர்வாகம் முடிவெடுத்து, நியாயமான விலை சொல்லி, வாங்குபவரைத் தேடத் தொடங்கியிருக்கவேண்டும். ஓராண்டுக்குள் விற்பனை முடியும் என்பது பெரும்பாலும் உறுதியாக இருக்கவேண்டும். அப்போதுதான் அது ‘விற்பனைக்காக வைத்துள்ள சொத்து’ என இருப்புநிலைக் குறிப்பில் தனி வரியில் ஏறும்.

அதன் மதிப்பை எப்படி எழுதுவது? மில் இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு 60,000 ரூபாய் என்க. சந்தையில் 50,000 கிடைக்கும்; தரகுக்கு 2,000 போகும்; மிஞ்சுவது 48,000. இரண்டில் குறைந்ததையே எழுதவேண்டும். ஆகவே 12,000 ரூபாய் நட்டத்தை விற்கும் நாள்வரை ஒத்திப்போடாமல் இப்போதே காட்டவேண்டும். அதன்பின் அந்த இயந்திரத்துக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஏனெனில் அதன் மதிப்பு இனி உழைப்பால் அன்று, விற்பனையால்தான் திரும்பப்போகிறது.

ஒரு பழைய இயந்திரத்தை விற்பதெல்லாம் ‘நிறுத்தப்பட்ட தொழில்’ ஆகிவிடாது. தனித்து நிற்கும் பெரிய தொழிற்பிரிவோ, ஒரு வட்டாரத்தின் முழு வியாபாரமோ கைமாறினால்தான் அப்பெயர். அப்போது அதன் வரி போன இலாபமோ நட்டமோ இலாப நட்டக் கணக்கின் அடியில் ஒரே தொகையாக வரும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, சென்ற ஆண்டின் இலாப நட்டக் கணக்கையும் அவ்வாறே பிரித்து மாற்றி எழுதவேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம். அதன் மின்சாதனப் பிரிவுக்குக் கோயம்புத்தூரிலும் தொழிற்சாலை இருந்தது. அப்பிரிவை ஷ்னைடர் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு 14,000 கோடி ரூபாய்க்கு விற்பதாக 2018 மே மாதம் அறிவித்தார்கள். போட்டி ஆணையத்தின் அனுமதி 2019 ஏப்ரலில் வந்தது. விற்பனை 2020 ஆகஸ்ட் 31 அன்றுதான் முடிந்தது. இப்படி அனுமதி போன்ற, நிறுவனத்தின் கையில் இல்லாத காரணத்தால் ஓராண்டு தாண்டினால், விற்கும் உறுதி மாறாதவரை தரநிலை இடம் கொடுக்கிறது.

இனி எண்களைப் பாருங்கள். குழுமத்தின் நிகர இலாபம் 2019-20இல் 9,549 கோடி. 2020-21இல் 11,583 கோடி. இலாபம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டதே என்று தோன்றும். தனி வரியைப் படித்தால் வேறு செய்தி தெரியும். 2020-21இன் தொகையில் 8,238 கோடி விற்றுப்போன பிரிவைச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி விற்பனையால் கிடைத்த ஒருமுறை ஆதாயம். தொடரும் தொழில்களிலிருந்து வந்தது 3,345 கோடி மட்டுமே. முந்தைய ஆண்டில் அது 8,894 கோடி. பெருந்தொற்று வேலைகளை முடக்கிய ஆண்டு அது. சில சொத்துகளின் மதிப்புக் குறைவையும் அவ்வாண்டிலேயே கழித்தார்கள். ஒரே தொகையாக எழுதியிருந்தால் ஏற்றம் மட்டுமே கண்ணில் பட்டிருக்கும்.

இதைத் தவறாகவும் பயன்படுத்தலாம். நட்டம் தரும் பிரிவை ‘நிறுத்தப்பட்டது’ என்று ஒதுக்கி, மீதியை அழகாகக் காட்ட நினைப்பவர் இருக்கலாம். அதைக் கண்டுகொள்ள மூன்று கேள்விகள் போதும். வாங்குபவரைப் பற்றிக் குறிப்பில் சொல்லியிருக்கிறதா? அதே சொத்து ஆண்டுதோறும் அதே வரியில் காரணமின்றி நிற்கிறதா? விற்காமல் மூடப்போகும் பிரிவை, மூடும் முன்பே தனி வரிக்குக் கொண்டுவந்தார்களா? மூடும் பிரிவு, வேலை உண்மையில் நின்ற பிறகே அந்த வரிக்குச் செல்லலாம்.

வீட்டில் பெற்றோர் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கை வந்தால், கடைசி வரி இலாபத்தோடு நின்றுவிடாமல், அதற்குச் சற்று மேலே ‘தொடரும் தொழில்களின் இலாபம்’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அடுத்த ஆண்டும் எதிர்பார்க்கத்தக்க இலாபத்தின் அடிப்படை அங்கேதான் இருக்கிறது.