கடுகளவுச் சூரியன்

கேள்வி: மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலருகே விடியற்காலையில் நின்று, கடலிலிருந்து எழுந்த சூரியனை 50 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய பிலிம் கேமராவால் படம் பிடித்தேன். கண்ணுக்குத் தாம்பாளம் போலத் தெரிந்தது, கழுவி வந்த அஞ்சலட்டை அளவுப் படத்தில் கடுகாகச் சுருங்கிவிட்டது. இது கேமராவின் குற்றமா, என் குற்றமா?
— வாசகர், செங்கற்பட்டு

பதில்: குற்றம் இரண்டு பேரிடத்திலும் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது. அடிவானத்தில் மரமும் படகும் கோபுரமும் அருகிருக்கக் காணும் சூரியனை மனம் பெரிதாக எண்ணிக்கொள்கிறதே ஒழிய, உச்சிப் பகலில் தலைக்கு மேல் நிற்கும்போது அது வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, உதயத்தின்போதும் குறுக்குவாட்டில் அவ்வளவையே அடைக்கிறது. பஞ்சாங்கக்காரர் வழக்கில் சொன்னால் அது 32 கலை, அதாவது பாகையில் பாதிக்குச் சற்றே கூடுதல். லென்ஸுக்கு இந்தப் பிரமை கிடையாது. உள்ள கோணத்தை உள்ளபடியே பிலிமில் இறக்கி வைத்துவிடுகிறது.

எப்படி இறக்குகிறது என்பதைப் பார்ப்போம். லென்ஸின் நடுப்புள்ளி வழியாகச் செல்லும் கிரணம் வளையாமல் நேரே போகும். சூரியனுடைய ஒரு விளிம்பிலிருந்து வரும் கிரணமும் எதிர் விளிம்பிலிருந்து வரும் கிரணமும் அந்த நடுப்புள்ளியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு, வெளியே எந்தக் கோணத்தில் விரிந்திருந்தனவோ அதே கோணத்தில் உள்ளேயும் விரிகின்றன. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் பிம்பம் சரியாகக் குவியத்திலேயே விழுகிறது. ஆகவே பிம்பத்தின் அகலத்தைத் தீர்மானிப்பவை குவிய தூரமும் அந்த 32 கலையும் மட்டுமே.

கணக்கிடுவதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய எண் தயாராக இருக்கிறது. கி.பி. 499-ஐ ஒட்டித் தம் நூலை இயற்றிய ஆரியபட்டர், ஜ்யா அட்டவணைக்காக வட்டத்தின் ஆரத்தை 3438 கலை என்று வைத்துக்கொண்டார். வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை என்றால் ஆரம் அவ்வளவுதான் வரும். 3438-ஐ 32-ஆல் வகுத்தால் 107 சொச்சம். சூரியன் நம்மிடமிருந்து தன் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 107 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்பதே இதன் பொருள். ஆகையால் பிம்பமும் லென்ஸிலிருந்து தன் விட்டத்தைப் போல் 107 மடங்கு தள்ளியே விழும். குவிய தூரத்தை 107-ஆல் வகுத்தால் பிம்பத்தின் விட்டம் கிடைத்துவிடும்.

தங்கள் 50 மில்லிமீட்டரை வகுத்துப் பாருங்கள்: அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமை 15 சென்டிமீட்டர் அகலப் படமாகப் பெருக்குகையில் எல்லாம் நாலு மடங்கு சொச்சம் வளரும். சூரியன் இரண்டு மில்லிமீட்டர் ஆகும். கடுகு என்று தாங்கள் எழுதியது உவமையன்று, அளவேதான். பிலிமின் 24 மில்லிமீட்டர் உயரம் முழுவதையும் சூரியனே நிரப்ப வேண்டுமானால், இரண்டரை மீட்டருக்கும் மேற்பட்ட குவிய தூரமுள்ள லென்ஸைத் தோளில் சுமந்துகொண்டு மாமல்லபுரம் போக வேண்டியிருக்கும்.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கடலை ஒட்டியிருக்கும் கணத்தில் சூரியன் முழு வட்டமாக இராது. கீழ் விளிம்பின் ஒளியைக் காற்று மேல் விளிம்பைவிட அதிகமாக வளைத்துத் தூக்கிவிடுவதால், உயரம் ஆறில் ஒரு பங்கு நசுங்கியிருக்கும். கடுகு இரண்டு மில்லிமீட்டருக்கும் பெருத்து ஓரம் மங்கியிருந்தாலோ, அது சூரியனின் பருமனன்று. ஒளி மிகுதியால் பிலிமில் பரவிய கசிவு.

கேள்வி: அப்படியானால் அகலமான லென்ஸாக வாங்கினால் பிம்பமும் பெரிதாகாதா?
— வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: ஆகாது, பிரகாசந்தான் கூடும். இதைப் பிரத்தியட்சமாகவே சோதித்துவிடலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் ‘பிளஸ் ஒன்று’ என்று கேட்டால், தேய்த்து வெட்டாத வட்டக் கண்ணாடி ஒன்று தருவார்கள். அதன் குவிய தூரம் சரியாக ஒரு மீட்டர். நடுவில் அரை சென்டிமீட்டர் துளையிட்ட அட்டையால் அதை மூடி, நிலைப்படியில் வெயிலுக்கு நேராகக் கட்டி, ஒரு மீட்டர் தள்ளி நிழலில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தேன். ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான பிம்பம் விழுந்தது. துளையை இரட்டிப்பாக்கினேன், ஒளி நாலு மடங்காயிற்று, விட்டம் இம்மியும் மாறவில்லை. அட்டையை அடியோடு எடுத்துவிட்டால் காகிதம் கருகத் தொடங்கும், அதற்குள் மூடிவிடுக. ஃபோகஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு அடுப்பு என்று பொருள். 1604-இல் கெப்ளர் அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தபோது இந்தக் கருகலைத்தான் நினைத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் முதல் முயற்சி பிழையாகவே முடிந்தது. காலை பத்து மணிக்குக் காகிதத்தைத் தரையில் விரித்துவிட்டேன். பிம்பம் அகலத்தில் ஒன்பதும் நீளத்தில் பன்னிரண்டுமாக முட்டை வடிவில் கிடந்தது. காகிதம் கிரணத்துக்குச் செங்குத்தாக இல்லையென்றால் இப்படித்தான் நீளும். தூரம் பிசகினாலோ பிம்பம் வட்டமாகவே இருந்துகொண்டு அளவு மாறி ஏமாற்றும். காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, விளிம்பு மிகக் கூர்மையாக ஆகும் இடத்தில் அளக்க வேண்டும். கண்ணைக் காகிதத்தின் பக்கமே வைத்திருங்கள். லென்ஸின் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கேமராவின் பார்வைத் துளைக்கும் இதுவே விதி.

கேள்வி: சூரியனின் பெரிய பிம்பத்தை நம் நாட்டில் எங்கேனும் பார்க்க முடியுமா?
— மேற்படி வாசகர்

பதில்: கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் சுரங்கத் தொலைநோக்கி என்று ஒன்று உண்டு. அதன் லென்ஸ் 38 சென்டிமீட்டர் அகலந்தான். குவிய தூரமோ 36 மீட்டர். அத்தனை நீளக் குழாயைச் சூரியன் போகும் திசையெல்லாம் திருப்புவது யாராலும் ஆகாத காரியம். அதனால் கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து அதன் ஒளியைக் கீழே இறக்க, இன்னொரு கண்ணாடி அதை 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் கிடைமட்டமாகத் திருப்பிவிட, லென்ஸ் அசையாமல் நின்ற இடத்திலேயே பிம்பத்தை வீழ்த்துகிறது. 36,000 மில்லிமீட்டரை 107-ஆல் வகுத்தால் 336 வரும். ஆய்வகத்தார் 34 சென்டிமீட்டர் என்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் நம் மூக்குக்கண்ணாடிக்கு எட்டாதது. பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகிலும் ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவிலும் இருப்பதால், சூரியனின் கோணம் 32½ கலையிலிருந்து 31½ கலையாகக் குறைகிறது. ஒரு மீட்டர் லென்ஸில் இந்த வேற்றுமை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. பள்ளி அளவுகோலால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. கொடைக்கானல் சுரங்கத்தில் ஜனவரிச் சூரியன் ஜூலைச் சூரியனைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமாக அகன்று விழுகிறது.