மொழிப்பயிற்சி: குறிப்புகளிலிருந்து பரிந்துரைக் கடிதம்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலுள்ள உதிரிபாகத் தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரிந்த கடைசல் இயந்திர இயக்குநர், அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவிலுள்ள ஒரு நிறுவனத்தில் தர ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறார் எனக் கொள்வோம். பரிந்துரைக் கடிதத்திற்காக அவருடைய மேலாளர் நினைவுக்கு வந்த வரிசையில் எழுதித் தந்த குறிப்புகள் பின்வருமாறு:

1. ஆகவே, தங்கள் நிறுவனத்தின் தர ஆய்வாளர் பணிக்கு இவரைப் பரிந்துரைக்கிறேன்.
2. அதன்பின், புதிய பயிற்சியாளர்களுக்கு அளவுக்கருவிகளைக் கையாளக் கற்றுத்தரும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தோம்.
3. மிகவும் நல்லவர், கடின உழைப்பாளி.
4. ஓர் இரவுப்பணியில், 24.00 மி.மீ. விட்டமுள்ள தண்டு 24.03 மி.மீ. காட்டியதும் இயந்திரத்தை நிறுத்தினார். வெட்டுமுனை தேய்ந்திருப்பதைக் கண்டறிந்து, முன்னர்க் கடைந்த தண்டுகளையும் மீண்டும் அளந்தார்.
5. இவர் 2021 சூன் முதல் மூன்றாண்டுகள் எங்கள் கடைசல் பிரிவில் பணியாற்றினார். அப்பிரிவின் மேலாளராக இவரது பணியை நேரில் கண்டுள்ளேன்.
6. பணிக்குறிப்புகளைத் தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிகளிலும் படித்துப் பதிவுசெய்வார்.

கடிதத்தைப் படிப்பவர் முதலில் அறிய விரும்புவது, எழுதுபவர் யார், விண்ணப்பதாரரை எவ்வாறு அறிவார் என்பதே. அதற்கு விடை தருவது ஐந்தாம் குறிப்பு. எனவே அதுவே தொடக்கம். அதிலுள்ள ‘இவர்’ என்னும் சுட்டுப்பெயருக்கு முன்னே பெயர் எதுவும் வரவில்லை. ஆதலால் அவ்விடத்தில் விண்ணப்பதாரரின் முழுப்பெயரை எழுதுதல் வேண்டும்.

அடுத்து வருவது சான்று. ‘அதன்பின்’ என்னும் சொல் முன்நிகழ்வு ஒன்றைச் சுட்டுவதால், இரண்டாம் குறிப்பு நான்காவதற்குப் பின்னரே வரமுடியும். நான்காம் குறிப்பே இக்கடிதத்தின் உயிர். ஏனெனில், வெட்டுமுனை தேயத் தேயத் தண்டின் வெளிவிட்டம் சிறிது சிறிதாகக் கூடும் என்பதைக் கடைசல் அறிந்தோர் அறிவர். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 0.02 மி.மீ. என்று அதில் சேர்த்துவிட்டால், 0.03 மி.மீ. கூடுதல் ஏன் பிழையாயிற்று என்பதும் விளங்கும். அவ்வளவை மேலாளரிடமே கேட்டுப் பெறவேண்டும். நாமாக எழுதுதல் கூடாது.

ஆறாம் குறிப்பு எல்லைப்பகுதிப் பணிக்குப் பொருத்தமானதே. எனினும் தர ஆய்வுத்திறனை அது நேரடியாகக் காட்டாமையால் சான்றுகளின் இறுதியில் அமையும். மூன்றாம் குறிப்பை நீக்கிவிடலாம். எவருக்கும் பொருந்தும் புகழ்ச்சி எவரையும் அடையாளம் காட்டாது. அதற்கு நிகழ்ச்சி ஏதேனும் உண்டாயின் மேலாளர் அதனையே தந்திருப்பார்.

‘ஆகவே’ என்பது காரணங்களின் முடிவில் வரும் சொல். முதற்குறிப்பைச் சான்றுகளுக்கு முன் வைத்தால், எதனால் ‘ஆகவே’ என்னும் வினா எழும். எனவே வரிசை 5, 4, 2, 6, 1 என அமையும். மேலாளரின் கையொப்பம், பதவி, தொடர்பு எண் ஆகியன இதன்பின் இடம்பெறும்.

பணிக்காலத்தையும் பதவியையும் மட்டும் கூறுவது பணிச்சான்றிதழ். மேற்கண்ட கடிதத்திலிருந்து நான்கு, இரண்டு, ஆறு, ஒன்று ஆகிய குறிப்புகளை நீக்கினால் எஞ்சுவது ஏறத்தாழ அதுவே.

பயிற்சி: மேற்கண்ட வரிசைப்படி கடிதத்தை முழுமையாக எழுதுக.