மேஜையருகே மூர்ச்சை: ஒரு முதலுதவிக் குறிப்பும் அதன் பயனும்

மூளைக்குச் செல்லும் இரத்தவோட்டம் சிறிது நேரம் குறைந்துபோவதால் நேரிடும் நினைவிழப்பே மூர்ச்சை எனப்படுகிறது. அவ்வோட்டம் அடியோடு நின்றால் ஆறு முதல் எட்டு விநாடிகளுக்குள் நினைவு தப்பிவிடும். நின்றுகொண்டிருப்பவர் மூர்ச்சையுற்றால் கீழே விழுகிறார். விழுந்தவுடன் தலையும் இருதயமும் ஏறக்குறைய ஒரே மட்டத்திற்கு வந்துவிடுவதால் இரத்தம் மூளையை எளிதில் அடைகிறது. விழும்போது காயம் படலாம் என்பது உண்மையே. ஆயினும் மூர்ச்சைக்கு இயற்கை அளிக்கும் சிகிச்சையும் அதுவே. நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு இச்சிகிச்சை கிட்டுவதில்லை. மேஜையும் நாற்காலியின் கைப்பிடிகளும் அவரை விழவொட்டாமல் தாங்கிக்கொள்கின்றன. அது போதாதென்று, அருகிலிருப்போரும் பரிவு மிகுதியால் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொள்கின்றனர். இதனால் விளைவது யாது என்பதைக் கீழ்க்காணும் குறிப்பு நன்கு விளக்குகிறது.

இக்குறிப்பு நாகபுரியிலுள்ள ஓர் அலுவலகத்தில், மே மாதத்து வெயிற்காலத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் மருத்துவரல்லர், முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒரு கணக்கர். பெயர்களை நீக்கி, இந்தி மூலத்திலிருந்து தமிழாக்கித் தருகிறோம்.

“ஆண், வயது 34. கள அளவைப் பணியாளர். அறிக்கை எழுதும்பொருட்டு அன்று அலுவலகம் வந்திருந்தார்.

“பிறர் கூறியது: முற்பகல் 11.20 அளவில் இருமுறை கொட்டாவி விட்டார். ‘கண் இருட்டுகிறது’ என்றார். முகம் வெளுத்தது, நெற்றியில் வியர்வை அரும்பியது. 11.22: தலை மேஜைமீது கவிழ்ந்தது. அழைத்ததற்குப் பதில் இல்லை. இருவர் தோள்களைப் பற்றி நாற்காலியில் நிமிர்த்தினர். அதற்குப் பின்னர் இரு கைகளும் வெட்டி இழுத்தன. ஆறு அல்லது ஏழு முறை. கண்கள் திறந்திருந்தன. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் வைத்து அழுத்தினார். மற்றொருவர் தண்ணீர் கொணர்ந்தார், புகட்டவில்லை.

“நான் கண்டது: 11.23: நாற்காலியில் நிமிர்த்திப் பிடித்திருந்தனர். முகம், உதடு வெளுப்பு. மூவராகத் தூக்கித் தரையில் மல்லாக்கக் கிடத்தினோம். தோளைத் தட்டி உரக்க அழைத்தேன், பதில் இல்லை. தலையைப் பின்சாய்த்து மோவாயை உயர்த்திப் பத்து விநாடி பார்த்தேன். சுவாசம் ஒழுங்காக இருந்தது. கால்களைக் காகிதப் பெட்டியின்மேல் ஓரடி உயரத்தில் வைத்தேன். கழுத்துப் பொத்தானையும் இடைவாரையும் தளர்த்தினேன். கூட்டத்தை விலக்கினேன். 11.24: கண் திருப்பி நோக்கினார். தம் பெயர், இடம், கிழமை மூன்றையும் பிழையின்றிக் கூறினார். தோல் குளிர்ந்து ஈரமாக இருந்தது. மணிக்கட்டு நாடி 30 விநாடியில் 26, மென்மை, ஒழுங்கு. நாக்கில் கடி இல்லை. ஆடை நனையவில்லை. தலையில் அடி இல்லை. 11.26: தாமாகவே எழுந்து உட்கார்ந்தார், மீண்டும் முகம் வெளுத்தது. உடனே கிடத்தினேன். 11.31: நாடி 30 விநாடியில் 33. முகத்தில் நிறம் திரும்பிற்று. 11.45: உட்கார்ந்தார். தண்ணீர் அருந்தினார். 11.55: பிடித்துக்கொண்டு நின்றார், கண் இருட்டவில்லை.

“அவர் கூறியது: மார்வலி இல்லை. மூச்சுத் திணறல் இல்லை. இருதயம் படபடக்கவில்லை. நீரிழிவு இல்லை, மாத்திரை எதுவும் உட்கொள்வதில்லை. முன்பு ஒருமுறை, பள்ளியில் ஊசி போட்டபோது மூர்ச்சையுற்றதுண்டு. இரண்டு நாட்களாக வயிற்றுப்போக்கு. காலையில் தேநீர் மட்டும். அலுவலகம் வருமுன் வெயிலில் அரைமணி நேரம் வரிசையில் நின்றார். 12.15: சக ஊழியர் ஒருவர் துணையுடன் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்.”

குறிப்பு இவ்வளவே. அன்று நேர்ந்ததைக் குறிக்க இதில் “மூர்ச்சை” என்ற சொல்லோ “வலிப்பு” என்ற சொல்லோ ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் கண்டதை மட்டும் எழுதினார். நோய்க்குப் பெயரிடும் வேலையை மருத்துவருக்கு விட்டுவிட்டார். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதனை நான் மிகவும் பாராட்டுகிறேன். இந்தியில் “சக்கர்” என்பது தலைசுற்றலையும் குறிக்கும், நினைவு தப்பியதையும் குறிக்கும். நம் “மயக்கம்” அதனினும் மோசம்: தலைசுற்றல், சோர்வு, நினைவிழப்பு, அறுவைக்குக் கொடுக்கும் மருந்தின் விளைவு ஆகிய யாவும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. “மயக்கம் வந்தது” என்று எழுதப்பட்ட குறிப்பிலிருந்து மருத்துவர் ஒன்றையும் அறிய இயலாது. “அழைத்ததற்குப் பதில் இல்லை” என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

அன்று மாலை பிரிவு மேற்பார்வையாளர் மேலிடத்திற்கு அனுப்பிய கடிதத்திலோ, “பணியாளருக்கு வலிப்பு கண்டது” என்று எழுதப்பட்டிருந்தது. கைகள் இழுத்ததைப் பலரும் கண்டிருந்தனர். ஆதலின் அவர் பொய் எழுதினார் என்று கூறுவதற்கில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லின் விளைவு சிறிதன்று. அப்பணியாளர் மோட்டார் சைக்கிளில் தனியாகக் கிராமங்களுக்குச் சென்று வருபவர். வலிப்பு நோயாளி என்று கோப்பில் ஏறிவிட்டால் வண்டி ஓட்டுவதும் களப்பணியும் கேள்விக்குரியனவாகும். தேவையற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளவும் நேரலாம்.

மூர்ச்சையில் கைகால் இழுப்பது உண்டா எனச் சிலர் வினவலாம். உண்டு, அரிதன்று. மூளைக்கு இரத்தம் குறைந்திருக்கும் நிலை சற்று நீடித்தால் கைகால்கள் சில முறை ஒழுங்கின்றி வெட்டி இழுக்கும். ஒருவரை நிமிர்த்திப் பிடித்திருந்தால் அந்நிலை நீடிக்கத்தானே செய்யும்? மேற்படி குறிப்பில் இழுப்பு எப்போது தொடங்கியது என்பதை மறுபடி படித்துப் பாருங்கள். தலை கவிழ்ந்தபோதன்று, இருவர் நிமிர்த்திய பின்னரே. அந்த ஒரு வரியை எழுதியதற்காகவே அக்கணக்கருக்கு நன்றி கூறலாம்.

வலிப்பின் போக்கு வேறு. அதில் பெரும்பாலும் முதலில் உடல் விறைக்கும். பின்னர் இழுப்புகள் தாளம் தவறாமல் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ தொடரும். இழுப்புகளின் எண்ணிக்கை பத்துக்குக் குறைந்திருந்தால் மூர்ச்சை என்பதற்கும், இருபதுக்கு மேற்பட்டிருந்தால் வலிப்பு என்பதற்கும் சாதகமாகக் கொள்வது மருத்துவர் வழக்கம். முகம் வெளுப்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் நீலம் பாய்ந்து கறுக்கும். நாக்கின் பக்கவாட்டில் கடி காணப்படலாம். எல்லாவற்றினும் முக்கியமானது தெளியும் விதம். மூர்ச்சையுற்றவர் கண் விழித்ததும் இடமும் கிழமையும் கூறிவிடுவார். வலிப்புற்றவர் பல நிமிடங்கள் குழம்பியிருப்பார். கேட்டதற்குப் பொருந்தாத விடை கூறுவார். சிறுநீர் கழிந்திருப்பது இரண்டிலும் நேரக்கூடியது; கண்கள் திறந்திருப்பதும் அவ்வாறே. ஆகையால் இவற்றைக் கொண்டு முடிவு செய்தல் தகாது. எனினும் எழுதி வைக்கலாம்.

இனி நாடியைக் கவனிப்போம். 30 விநாடியில் 26 எனில் நிமிடத்திற்கு 52. ஏழு நிமிடங்களுக்குப் பின்னர் 66. சாதாரண மூர்ச்சையில் வேகஸ் என்னும் நரம்பு இருதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது. அதே சமயத்தில் கால்களிலும் வயிற்றிலுமுள்ள இரத்தக்குழாய்கள் தளர்ந்து இரத்தம் அங்கே தேங்குகிறது. வயிற்றுப்போக்கால் நீர் குறைந்த உடலில், வெயிலில் நின்று குழாய்கள் விரிந்திருக்கையில், இது எளிதில் நேரும். மெதுவாக இருந்த நாடி கிடத்திய பின்னர்ப் படிப்படியாக விரைந்தது இதற்குப் பொருந்துகிறது. ஒரே ஒருமுறை எண்ணியிருந்தால் இந்த மாறுதல் புலப்பட்டிராது. ஆனால் ஒன்று: பதிலற்றுக் கிடப்பவரிடம் முதலில் நாடியைத் தேடிக் காலம் போக்கக்கூடாது. பயிற்சி குறைந்தவருக்கு அது அகப்படாமலும் போகலாம். முதலில் பார்க்கவேண்டியது சுவாசமே. சுவாசம் இல்லையெனினும், எப்போதாவது ஒருமுறை வாய் பிளந்து இழுப்பது போன்று இருப்பினும், அது மூர்ச்சையன்று. இருதயம் நின்றுவிட்டது என்று கொண்டு, ஒருவரை 112க்குத் தொலைபேசச் செய்து, மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்கவேண்டும்.

கால்களை உயர்த்துவதால் கிட்டும் பயன் சில நிமிடங்களே நீடிக்கும். மல்லாக்கக் கிடத்துவதே முதன்மையான செயல். பெட்டியைத் தேடிக்கொண்டு அதனைத் தாமதப்படுத்தலாகாது. விழுந்து அடிபட்டவராயின் கால்களைத் தொடாதிருப்பது நலம். சாவிக்கொத்தால் தீங்கில்லை, பயனுமில்லை. அதனைத் தேடும் நேரமே நஷ்டம். தண்ணீரோ சோடாவோ நினைவற்றவர் வாயில் ஊற்றுவது மட்டும் உண்மையிலேயே அபாயகரமானது. அது மூச்சுக்குழலுள் இறங்கிவிடலாம். வாந்தி வருமாயின் ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும்.

11.26க்கு நேர்ந்ததையும் கவனிக்கவேண்டும். தெளிந்தவர் வெட்கத்தால் உடனே எழ முயல்வது இயல்பு. சுற்றியிருப்போரும் “ஒன்றுமில்லை, எழுந்திரும்” என்பர். இரண்டாவது மூர்ச்சை பெரும்பாலும் அப்போதுதான் நேர்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் கிடந்து, பின்னர் உட்கார்ந்து, அதன்பின் நிற்பதே முறை.

“அவர் கூறியது” என்ற பகுதியிலுள்ள இல்லைகள் வீணல்ல. மார்வலி, மூச்சுத் திணறல், மூர்ச்சைக்கு முன் படபடப்பு, உடலுழைப்பின் நடுவே நினைவிழப்பு, படுத்திருக்கையிலேயே நினைவிழப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், கருவுற்றிருத்தல், முகம் கோணல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் இதனைச் சாதாரண மூர்ச்சையெனக் கொண்டு காத்திருத்தல் கூடாது. கிடத்திய பின்னர் ஓரிரு நிமிடத்தில் தெளியாதவர்க்கும் இது பொருந்தும். இத்தகையோரைத் துணையுடன் ஆட்டோவில் அனுப்பாமல், 112 அல்லது 108 எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைக்கவேண்டும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்பவராயின், விழுங்கக்கூடிய அளவு தெளிந்தவுடன் மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

மருத்துவர் குறிப்பைப் படித்துவிட்டு, நிமிர்த்திப் பிடித்திருந்த சக ஊழியரை அழைத்து இரண்டு கேள்விகளே கேட்டார்: வெளுத்தது முன்னரா பின்னரா, இழுப்பு நின்றது எப்போது. தரையில் கிடத்தியவுடன் நின்றுவிட்டது என்று அவர் கூறினார். பின்னர் இருதய மின்வரைபடம் எடுக்கப்பட்டது. அதில் குறை ஏதும் இல்லை. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது. வயிற்றுப்போக்கிற்கு உப்புச்சர்க்கரைக் கரைசலும் இரண்டு நாள் ஓய்வும் விதிக்கப்பட்டன. வலிப்புக்கு மருந்து எழுதப்படவில்லை. மருத்துவச் சான்றிதழும் முதலுதவிக் குறிப்பின் நகலும் அடுத்த வாரம் மேலிடத்திற்கு அனுப்பப்பட்டு, மேற்பார்வையாளரின் கடிதத்துடன் ஒரே கோப்பில் சேர்க்கப்பட்டன. பணியாளர் தம் வட்டத்திற்கு, தம் வண்டியிலேயே, திரும்பினார்.