கப்பலில் வந்த சரக்கின் அடக்கவிலை

அம்பத்தூர், ஆவடி பக்கத்துப் பள்ளிகளில் வணிகவியல் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர், மேல்நிலை முடித்த கையோடு தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கு எழுதப் போய்விடுகிறார்கள். அப்படிப் போன என் பழைய மாணவி ஒருத்தி, ஒரு சனிக்கிழமை மாலை மூன்று பில்களின் நகலோடு வீட்டுக்கு வந்தாள்.

"மிஸ், எங்ககிட்ட வேகமா விக்கிறது வால்வுதான். அதுலதான் நஷ்டம்னு ஆடிட்டர் சொல்றார். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதான் எழுதினேன்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. நான் சொல்லிக் கொடுத்தபடிதான் எழுதியிருந்தாள்.

அவள் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரே இன்வாய்ஸில் இரண்டு பொருள்களை வரவழைத்திருந்தார். வகுப்பில் எழுத வசதியாக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். இரும்பு வால்வு 500, ஒன்று 400 ரூபாய் வீதம் 2,00,000. சென்சார் 200, ஒன்று 2,000 ரூபாய் வீதம் 4,00,000. இன்வாய்ஸ் தொகை 6,00,000 ரூபாய். விலை எஃப்.ஓ.பி. அடிப்படையில் இருந்ததால் கப்பல் கட்டணமும் காப்பீடும் அதில் இல்லை. அவை தனித்தனியாகப் பின்னால் வந்தன. காப்பீடு 6,000. கப்பல் கட்டணம், துறைமுகத்துக்கு வெளியே உள்ள சரக்குப் பெட்டக நிலையக் கட்டணம், அங்கிருந்து அம்பத்தூருக்கு லாரி வாடகை எல்லாம் சேர்த்து, ஜி.எஸ்.டி. நீங்கலாக 48,000. சுங்கவரி 17,325. ஆக, இன்வாய்ஸுக்கு மேல் 71,325 ரூபாய்.

இந்தத் தொகையை அவள் மதிப்பு விகிதத்தில் பிரித்தாள். வால்வுக்கு ஒரு பங்கு, சென்சாருக்கு இரண்டு பங்கு. வால்வின் அடக்கவிலை 447.55 என்று வந்தது. முதலாளி 500 ரூபாய்க்கு விற்றார். சென்சார் 2,237.75 ஆனது. அதன்மேல் லாபம் வைத்துச் சொன்ன விலைக்கு ஆள் வரவில்லை.

ஒவ்வொரு பில்லும் எதனால் அந்தத் தொகைக்கு வந்தது என்று கேட்டால் வழி தெரிந்துவிடும். போக்குவரத்து பில்லை எடுத்தோம். கட்டணம் எடைக்குப் போட்டிருந்தது. வால்வு ஒன்று 3 கிலோ, மொத்தம் 1,500 கிலோ. சென்சார் அரைக் கிலோ, மொத்தம் 100 கிலோ. 48,000 ரூபாயை 1,600 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 30 ரூபாய். வால்வின் பங்கு 45,000. சென்சாரின் பங்கு வெறும் 3,000. வால்வின் பாரத்தைச் சென்சார் சுமந்துகொண்டிருந்தது! பஞ்சுபோல இடத்தை அடைக்கும் சரக்காக இருந்தால் கப்பல்காரர்கள் கன மீட்டருக்குக் கட்டணம் போடுவார்கள். அப்போது நாமும் கன அளவில்தான் பிரிக்க வேண்டும்.

காப்பீடு மதிப்புக்குப் போடப்படுவது. அதை மதிப்புப்படி பிரிப்பதே சரி: வால்வுக்கு 2,000, சென்சாருக்கு 4,000.

சுங்கவரியைப் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு பொருளும் தனி வரிசையில், தனக்குரிய வரி விகிதத்தோடு இருக்கும். நம் எடுத்துக்காட்டில் சென்சாருக்கு அடிப்படைச் சுங்கவரி இல்லை, வால்வுக்கு 7.5 சதவீதம், அந்த வரியின்மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. இரண்டும் சேர்த்து 8.25 சதவீதம். வால்வு வரிசையில் மதிப்பு 2,10,000 என்று இருந்தது, வரி 17,325. முழுவதும் வால்வுக்கே.

இந்த 2,10,000 பிள்ளைகளைக் குழப்பும் இடம். இன்வாய்ஸில் 2,00,000தானே என்பார்கள். சுங்கத்துறை வரி போடுவதற்காகக் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்து, தான் அறிவித்த அந்நியச் செலாவணி விகிதத்தில் கணக்கிட்ட மதிப்பு அது. அதைக் கொள்முதல் விலையாக எடுத்துக்கொண்டால் கப்பல் கட்டணம் இரண்டு முறை ஏறிவிடும். அங்கிருந்து வரித் தொகையை மட்டும் எடுக்க வேண்டும்.

அதே தாளில் ஐ.ஜி.எஸ்.டி. என்று 1,16,518.50 ரூபாயும் இருந்தது. கட்டிய பணம்தான். ஆனால் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கும் வரி அடக்கவிலையில் சேராது என்கிறது கணக்கியல் தரநிலை 2. இணக்கமுறையில் வரி கட்டும் வணிகருக்கு அந்த வரவு கிடையாது. அவருக்கு அதுவும் அடக்கம்தான். சரக்கை உரிய நாளில் எடுக்காமல் கட்டிய தாமதக் கட்டணம் இருந்தால் அதை இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை.

இப்போது கூட்டினோம். வால்வு ஒன்றுக்கு 400, காப்பீடு 4, போக்குவரத்து 90, சுங்கவரி 34.65. மொத்தம் 528.65 ரூபாய். சென்சாருக்கு 2,000, 20, 15. மொத்தம் 2,035 ரூபாய். 500 ரூபாய்க்குப் போன ஒவ்வொரு வால்விலும் 28.65 கைவிட்டுப் போயிருந்தது. மார்ச் 31க்குள் 300 வால்வுகள் விற்றிருந்தன. அவள் சிறிது நேரம் பேசவில்லை.

இதில் என் பங்கு எங்கே? நாம் வகுப்பில் தரும் இறுதிக் கணக்குகளில் உள்தூக்குக் கூலியும் இறக்குமதி வரியும் இருப்பாய்வில் மொத்தத் தொகையாக வரும். வியாபாரக் கணக்கின் பற்றுப் பக்கம் எழுதிவிடுவோம். இறுதிச் சரக்கிருப்பு இவ்வளவு என்று கேள்வியே கொடுத்துவிடும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு கூலி, இருப்பில் கூலி சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டிய தேவையே அங்கு எழாது. அலுவலகத்தில் அந்த இருப்புத் தொகையைக் கண்டுபிடிக்க வேண்டியவளே அவள்தான். டேலியில் கப்பல் கட்டணத்தைத் தனிச் செலவுப் பதிவாகப் போட்டிருந்ததால், மீதி 200 வால்வும் இன்வாய்ஸ் விலையான 400 வீதம் 80,000 என்று இருப்பில் நின்றது. நிற்க வேண்டியது 1,05,730. அந்த 25,730 ரூபாய், விற்காத சரக்கின் செலவு, இந்த ஆண்டு இலாபத்தைத் தின்றிருந்தது.

பில் தாமதமாக வரும்போதும் இதே விதிதான். 300 வால்வு விற்ற பிறகு போக்குவரத்து பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வின் பங்கான 45,000ஐ முழுக்க மீதி 200 வால்வின் தலையில் கட்டினால் ஒன்றுக்கு 225 ரூபாய் ஏறி, இல்லாத விலை காட்டும். 27,000 விற்ற சரக்கின் அடக்கத்துக்கும் 18,000 இருப்புக்கும் போக வேண்டும். சரக்கு வந்த அன்றே, வரவிருக்கும் பில்லுக்கு ஒரு மதிப்பீட்டைப் பதிந்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். உண்மையான பில் வந்ததும் வித்தியாசத்தை மட்டும் இதே முறையில் பிரித்தால் போதும்.

சரிபார்க்க ஒரு கூட்டல் உண்டு. 500 வால்வின் மொத்த அடக்கம் 2,64,325. 200 சென்சாரின் அடக்கம் 4,07,000. இரண்டும் சேர்ந்து 6,71,325; இன்வாய்ஸும் மற்ற பில்களும் அதே தொகை. ஆனால் அவள் முதலில் பிரித்ததும் இதே 6,71,325தான் தந்தது. கூட்டல் பொருந்தினால் பில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று மட்டுமே தெரியும். பிரித்த முறை சரியா என்று தராசில் வால்வை வைத்தால்தான் தெரியும்.

இப்போதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில், ஒரு கணக்கில் மட்டும் இறுதிச் சரக்கிருப்புத் தொகையை அழித்துவிட்டு, அந்தப் பில்களைக் கரும்பலகையில் எழுதி, எத்தனை விற்றது, எத்தனை மீதி என்று மட்டும் சொல்கிறேன். ஒரு பாடவேளை போதுவதில்லை. சென்ற முறை கடைசி வரிசையிலிருந்து ஒருவன், லாரிக்காரர் எடை பார்க்காமல் ஒரு நடைக்கு இவ்வளவு என்றுதானே வாங்கியிருப்பார், அதை எப்படிப் பிரிப்பது என்று கேட்டான். அப்பா பூந்தமல்லியில் லாரி ஓட்டுகிறாராம். வண்டி எதனால் நிறைந்தது, எடையாலா இடத்தாலா என்று அப்பாவிடமே கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.