எண்ணைப் பார்த்து ஏமாறாதே: வடக்குக் கட்டமும் தெற்குக் கட்டமும்

நண்பனின் அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள். அவன் ஆப்பில் ஜாதகம் போட்டான். வந்தது வட இந்திய வைரக் கட்டம். "செவ்வாய் பக்கத்துல 11-னு இருக்கு. பதினோராம் வீடு, தோஷம் இல்லை" என்று வீட்டுக்கும் சொல்லிவிட்டான். அங்கேதான் தப்பு.

நம் தென்னிந்தியச் சதுரக் கட்டத்தில் ராசிகள் நகராது. மேல் வரிசையில் இடது மூலை மீனம், அடுத்தது மேஷம், அப்படியே வலப்பக்கமாகச் சுற்றும். ஆளுக்கு ஆள் மாறுவது "ல" என்று போட்ட லக்னம்தான். அந்தக் கட்டத்தை 1 என வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் வீடுகளை எண்ண வேண்டும்.

வடக்கில் இது தலைகீழ். அங்கே வீடுகள் நகராது. மேலே நடுவில் இருக்கும் வைரம்தான் எப்போதும் முதல் வீடு, அதாவது லக்னம். அங்கிருந்து இடப்பக்கமாக, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் எண்ணணும். அப்போ உள்ளே எழுதியிருக்கும் எண்? அது ராசி எண்: மேஷம் 1, ரிஷபம் 2, இப்படியே மீனம் 12.

அக்கா பிறந்தது 2003 ஆகஸ்ட் 28, காலை 7.15, கோலாலம்பூர். செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்ததாகச் செய்தியெல்லாம் வந்ததே, அதற்கு மறுநாள். மேல் வைரத்தில் 5 என்று இருந்தது, சிம்ம லக்னம். செவ்வாய் இருந்தது அதற்கு நேர் எதிரே, கீழ் வைரத்தில். அங்கே 11 என்றால் கும்ப ராசி. இடம் ஏழாம் வீடு! கணக்காகச் சொன்னால், ராசி எண்ணில் லக்ன எண்ணைக் கழித்து ஒன்று கூட்டுங்கள்:

11 − 5 + 1 = 7

பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் 12 கூட்டிக்கொள்ளுங்கள். சனி மிதுனத்தில், எண் 3. 3 − 5 + 1 = −1, பன்னிரண்டு கூட்டினால் 11. பதினோராம் வீட்டில் இருந்தது சனி, செவ்வாய் இல்லை.

சதுரத்தில் போட்டுப் பார்த்தோம். வலது ஓரத்தில் மேலிருந்து மூன்றாவது கட்டம் சிம்மம். அங்கே "ல" போட்டு எண்ணினால் கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு, மகரம், ஏழாவதாகக் கும்பம். அதே விடை.

ஏழில் செவ்வாய் என்றதும் நண்பன் முகம் மாறிவிட்டது. சிம்ம லக்னத்துக்கு இந்தத் தோஷம் இல்லை என்று விலக்குச் சொல்லும் ஜோதிடர்கள் உண்டு. ஆனா அதை அவரிடம் கேட்கவே, ஏழாம் வீடு என்று சரியாகப் படித்திருக்கணுமே.

மேஷ லக்னக்காரர்களுக்கு ராசி எண்ணும் வீட்டு எண்ணும் ஒன்றாகவே வரும். தப்பான முறையிலும் சரியான விடை கிடைக்கும் என்பதால், அந்த ஜாதகத்தை வைத்துப் பழகாதீர்கள்.

எந்தக் கட்டமானாலும் முதலில் சூரியனைப் பாருங்கள். சித்திரையில் பிறந்தவருக்குச் சூரியன் மேஷத்தில், ஆவணி என்றால் சிம்மத்தில். அக்கா ஆவணி. சூரியன் மேல் வைரத்தில், முதல் வீட்டில் நிற்கிறது. பக்கத்து எண்ணோ 5. அது வீட்டு எண் இல்லை என்று அந்த ஒரு இடமே காட்டிக் கொடுத்திருக்கும்.