40 லேப்டாப், ஒரே அறை: எத்தனை ஆக்சஸ் பாயிண்ட் போதும்?

கணினி அறைக்கு வைஃபை போட்டுத் தரச் சொல்லி ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டால், அறையின் நீள அகலத்தைப் பிறகுதான் கேட்பேன். "டீச்சர் 'எல்லாரும் ஃபைலைத் திறங்க'ன்னு சொன்னா, அந்த ஃபைல் எங்கேயிருந்து வரும்?" என்பதுதான் என் முதல் கேள்வி. எத்தனை ஆக்சஸ் பாயிண்ட் வேண்டும் என்பதில் பாதி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

30 அடிக்கு 20 அடி அறை, 40 லேப்டாப், பாட ஃபைல் ஒன்று 30 எம்பி என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் மொத்தம் 1200 எம்பி, அதாவது 9600 மெகாபிட் நகர வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நல்ல ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றின் பெட்டியில் ஆயிரக்கணக்கில் வேகம் போட்டிருப்பார்கள். 40 கருவிகள் முட்டி மோதும்போது நொடிக்கு 120 மெகாபிட்டுக்கு மேல் நான் கணக்கு வைப்பதில்லை. அந்தக் கணக்கில் ஒரு ஆக்சஸ் பாயிண்டுக்கு 80 நொடி ஆகும். இரண்டு இருந்து, சுமை சரிபாதியாகப் பிரிந்தால் 40 நொடி.

ஆனால் ஃபைல் இணையத்திலிருந்து வருகிறது, பள்ளியின் லைன் 100 மெகாபிட்தான் என்றால், ஒன்று வைத்தாலும் நான்கு வைத்தாலும் 96 நொடிதான். இரண்டாவது ஆக்சஸ் பாயிண்டுக்குக் கொடுக்கும் பணம் அங்கே வீண். அந்தப் பணத்தில் பழைய டெஸ்க்டாப் ஒன்றை ஃபைல் சர்வராக மாற்றி, கிகாபிட் ஸ்விட்சில் கேபிளோடு சேர்த்துவிட்டால் ஃபைல் அறைக்குள்ளேயே இருக்கும். அதன் பிறகுதான் இரண்டாவது ஆக்சஸ் பாயிண்டுக்கு வேலை.

இரண்டு போதும் என்றால், நான்கு வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் நிறுக்க முடியும். வைஃபை சேனலும் அப்படித்தான்: ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம், மற்றவை காத்திருக்க வேண்டும். ஒரே சேனலில் இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் வைப்பது, அதே தராசுக்கு முன்னால் இரண்டு வரிசை போடுவது மாதிரி. ஆள் கூடுமே தவிர அரிசி வேகமாகக் கிடைக்காது. பழைய வைஃபை சிப் உள்ள லேப்டாப் இரண்டு உள்ளே இருந்தால், சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுப்பவர் வரிசையில் நிற்பதைப் போல மொத்த அறையும் அவற்றுக்காக நிற்கும்.

ஆகவே எத்தனை ஆக்சஸ் பாயிண்ட் என்ற கேள்வி, ஒன்றோடொன்று மோதாத சேனல் எத்தனை கிடைக்கும் என்ற கேள்விதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று மூன்றுதான் உண்டு. அதிலும் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் நடுவில் உள்ள சேனல்களில் ரேடார் அலை தென்பட்டால் ஆக்சஸ் பாயிண்ட் இடம் மாறியாக வேண்டும். வகுப்பு நடக்கும்போது அந்தத் தொல்லை வேண்டாம் என்று அவற்றை நான் தொடுவதில்லை. மிச்சம் இருப்பவை 36-லிருந்து 48 வரை ஒரு தொகுதி, 149-லிருந்து மேலே ஒரு தொகுதி. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்தால் தொகுதிக்கு ஒன்றுதான் மோதாமல் நிற்கும். மூன்றாவது வந்தால் யாராவது ஒருவருடைய தராசில்தான் நிற்க வேண்டும்.

இதை ஒரு பள்ளியில் நேரிலேயே பார்த்தேன். அறையின் நான்கு மூலைகளிலும் ஆக்சஸ் பாயிண்ட் மாட்டியிருந்தார்கள், எல்லாம் ஆட்டோ சேனல். "கரண்ட் போய் வந்தாலே நெட் படுத்துடுது சார், மத்தபடி ஓடும்" என்றார் கணினி ஆசிரியை. நான்கும் ஒரே நொடியில் எழுகின்றன. எழும்போது ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. எல்லாம் காலியாக இருக்கிறது என்று நினைத்து அன்று மூன்று ஒரே சேனலில் போய் உட்கார்ந்திருந்தன. இரண்டைக் கழற்றி ஸ்டாஃப் ரூமுக்கும் நூலகத்துக்கும் கொடுத்தேன். மிச்ச இரண்டில் ஒன்றை 36-இலும் மற்றதை 149-இலும் நிரந்தரமாகப் பூட்டி, அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். குறைத்தால் வேகம் போய்விடாதா என்று ஆசிரியை கேட்டார். ஒரு லேப்டாப்பில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் எண் குறையும்தான். ஆனால் அகலம் குறைந்தால் வெளி இரைச்சல் உள்ளே வருவதும் குறையும், 40 பேரின் கணக்கு நின்று ஓடும்.

மாட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் சேனல் வேறாக இருந்தாலும் ஒன்றின் சத்தம் மற்றதைக் கெடுக்கும். 30 அடி நீளத்தில் இரு பக்கச் சுவரிலிருந்தும் ஏழெட்டு அடி தள்ளி, கூரையில் கீழ்நோக்கி மாட்டினால் நடுவே 15 அடி கிடைக்கும். சக்தியையும் நடுத்தரத்துக்கும் கீழே இறக்கிவிட வேண்டும். முழுச் சக்தியில் விட்டால் லேப்டாப்புகளுக்கு இரண்டும் ஒரே மாதிரி பலமாகத் தெரியும். முதலில் கண்ணில் பட்டதிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்த அறையில் ஒன்றில் 33, மற்றதில் 7 என்று இருந்தது. அதற்காக ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 25 கருவி என்று வரம்பு வைப்பேன். ஆனால் ஒன்று பழுதானால் 15 பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். அன்றைக்கு வரம்பைத் தூக்கத் தெரிந்தவர் பள்ளியில் ஒருவராவது இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் லேப்டாப்புகளைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் இதைத் தட்டினால் போதும்:

```
netsh wlan show drivers
```

`Radio types supported` வரியில் 802.11ac அல்லது 802.11ax இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வரும். 802.11b, 802.11g, 802.11n மட்டும் இருந்தால் பெரும்பாலும் 2.4-தான். அப்படிப்பட்டவை நாலைந்துதான் என்றால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி மாட்டிவிடுவது மலிவு. பாதிக்கு மேல் அப்படி என்றால் 1, 6, 11-இல் மூன்று ஆக்சஸ் பாயிண்ட் வைக்க வேண்டியதுதான். நான்காவதுக்கு அங்கே இடமே இல்லை.

வீட்டு ரவுட்டரையே கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. 20, 25 கருவி தாண்டினால் பல ரவுட்டர்கள் தடுமாறும், வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மேசையை விட்டு நகராத டெஸ்க்டாப் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். 48 போர்ட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி கேபிள் இழுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கடைசி நாலைந்து லேப்டாப்புக்கு மட்டும் சிக்னல் முழுசாகக் காட்டி நெட் வராமல் போகலாம். அப்போது இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வாங்க ஓடாதீர்கள். அந்த லேப்டாப்பின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டரிடம் கொடுக்க முகவரி தீர்ந்திருக்கும். 50 முகவரி வைத்திருக்கும் ரவுட்டரில், 40 லேப்டாப்போடு ஆசிரியர்களின் போன்களும் சேர்ந்தால் அவ்வளவுதான். டிஹெச்சிபி பட்டியலை 200-க்கு விரித்தால் சரியாகிவிடும்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன், மெயின் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து 40 பிள்ளைகளையும் உட்காரவைத்து, சர்வரில் இருக்கும் அந்த 30 எம்பி ஃபைலை ஒரே நேரத்தில் திறக்கச் சொல்லி, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் திறந்தால் பில்லில் கையெழுத்துப் போடலாம். ஒன்றரை நிமிடம் தாண்டினால், இரண்டு ஆக்சஸ் பாயிண்டும் எந்தெந்தச் சேனலில் நிற்கின்றன என்று மாட்டியவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.